சாவி கைக்கு வந்த நாள்: சென்னையில் வாடகைத் தொடக்கத்தை ஒரு வாரம் தள்ளக் கேட்கும் மலேசியத் தமிழர்களுக்கு

ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்பது. அடுத்தது, வேலையில் சேரும் நாள் தள்ளிப் போய்விட்டது, வீட்டு வாடகையையும் தள்ளி வைக்க முடியுமா என்பது. முதல் கேள்விக்கு நீங்களே நடந்து விடை கண்டுபிடியுங்கள். இரண்டாவது கேள்வியில் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். சுட்டது என் கை, பணம் என் நண்பருடையது.

தெரிந்திருக்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் இரண்டு மாத டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்போம். சென்னையில் ‘அட்வான்ஸ்’ என்றால் முதல் மாத வாடகை அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஆனால் அந்த ‘வேறு உடன்பாடு’ எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் பதினோரு மாதத்துக்கு எழுதப்படும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போகும். நாம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். 180 நாளுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வந்தால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையவழியாகப் பதிய வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். அந்த 14 நாள், விமானம் இறங்கிய நாளிலிருந்து ஓடும். வேலையில் சேரும் நாள் தள்ளிப் போனாலும் அது தள்ளிப் போகாது. ஆகவே நீங்கள் ஏற்கெனவே சென்னைக்கு வந்து உறவினர் வீட்டில் இருந்தால், ஒப்பந்தத்தைத் தள்ளும்போது இந்தக் கணக்கையும் பாருங்கள்.

இனி எங்கள் கதை. நண்பருக்கு அவருடைய மாமன் மகள் மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருந்தார். இரண்டு படுக்கையறை, வாடகை 24,000, பராமரிப்பு 2,500, அட்வான்ஸ் ஐந்து மாதம். 2025 ஜூலை 14 திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதனால் வாடகை ஜூலை 10இல் தொடங்கட்டும் என்று பேசி, டோக்கன் பணமும் கொடுத்தாயிற்று. ஜூலை முதல் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் வரவில்லை, சரிபார்ப்பு முடியவில்லை, 21ஆம் தேதி சேருங்கள் என்றார்கள். நண்பர் விமானத்தை மாற்றிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் 17ஆம் தேதிக்குத் தள்ளலாமா என்று வாட்ஸப்பில் கேட்டார். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர். ஒரே வரியில் பதில் போட்டார்: “பரவாயில்லை தம்பி, 17ஆம் தேதியே வாருங்கள்.”

நண்பர் எனக்கு அதை அனுப்பி, பிரச்சினை தீர்ந்தது என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வாருங்கள் என்கிறார். வாடகை அன்றிலிருந்து தொடங்கும் என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு வாரம் பூட்டிக் கிடந்தாலும் எனக்குக் கவலையில்லை, மெதுவாக வாருங்கள் என்றும் அதைப் படிக்கலாம். பின்னால் அவர் அப்படித்தான் படித்தார்.

இதற்கிடையே பஞ்சாங்கம் உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு ஜூலை 17, ஆடி முதல் தேதி. நம் ஊரில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம், சரி. ஆனால் வாடகை வீட்டுக்கு ஏஜெண்ட் சாவி கொடுக்கும் நாள்தான் நமக்கு நல்ல நாள். இங்கே அப்படி இல்லை. ஆடியில் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள், பல வீட்டுக்காரர்கள் குடிவைக்கவும் மாட்டார்கள். மார்கழியும் இப்படித்தான். வீட்டுக்காரரின் வயதான தாயார் தொலைபேசியில் என்னிடமே பேசினார். “ஆனியிலேயே பாலைக் காய்ச்சிவிடுங்கள் அப்பா. பிறகு அந்தப் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.” அந்தக் குரலைக் கேட்டால் என் பாட்டி பேசுவதுபோல் இருந்தது. மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. இங்கு வந்து ஆறு வருடம் ஆகியும் அப்படி யாராவது ‘அப்பா’ போட்டுப் பேசினால் நான் உருகிப்போய்விடுகிறேன்.

ஆகவே ஜூலை 10 காலை, நண்பர் ஈப்போவில் தூங்கிக்கொண்டிருக்க, நான் ஒரு சாமி படமும் பால் சட்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பால் காய்ச்சினேன். பால் பொங்கியது, தாயார் மகிழ்ந்தார். வீட்டுக்காரர் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 14ஆம் தேதி, வாடகைக்கு எடுத்த கட்டிலைக் கொண்டுவந்தவர்கள் இன்னொரு நாள் வர முடியாது என்று பிடிவாதம் பிடித்ததால், கதவைத் திறந்து அதையும் உள்ளே இறக்கினேன். காவலாளி தன் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டார்.

மாத இறுதியில் கணக்கு வந்தது. நாங்கள் எதிர்பார்த்தது 17 முதல் 31 வரை 15 நாள் வாடகை, 11,613 ரூபாய். அவர் கேட்டது 10ஆம் தேதியிலிருந்து 22 நாள், 17,032 ரூபாய். வித்தியாசம் 5,419. நண்பர் வாட்ஸப்பைக் காட்டினார். வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை, அதுதான் எரிச்சல். “பால் காய்ச்சிய அன்றைக்கே நீங்கள் குடியேறிவிட்டீர்கள் தம்பி. சாவி உங்களிடம், கட்டில் உள்ளே. நான் வேறு யாருக்கு அந்த வீட்டைக் காட்ட முடியும்?” என்றார். காவலாளியின் பதிவேட்டையும் நினைவுபடுத்தினார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், முத்திரைத் தாளில் ஜூலை 10 என்றே அச்சாகியிருந்தது. தள்ளி வைத்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. புரோக்கரைக் கேட்டோம். தன் ஒரு மாத வாடகையை வாங்கிய பிறகு அவருக்கு எங்கள் பெயர்கூடச் சரியாக ஞாபகம் இல்லை.

மூன்று நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுப் பாதிப் பாதி என்று முடித்தோம். 2,700 ரூபாய் போனது. பெரிய தொகை இல்லை என்பீர்கள். பால் காய்ச்சியவனே அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்ததே, அதைச் சொல்கிறேன். யோசித்துப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வீடு யார் கைவசம் இருக்கிறதோ அவர் வாடகை கொடுப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றும் வார்த்தையை நாங்கள் எங்கும் எழுதி வாங்கவில்லை.

ஆகவே தள்ளிக் கேட்கும்போது தேதியை மட்டும் கேட்காதீர்கள். மூன்று விஷயங்களைப் பிரித்துக் கேளுங்கள்: வாடகை எந்த நாளிலிருந்து, சாவி எந்த நாளில், ஒப்பந்தம் எந்த நாளில் முடிகிறது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. தொடக்கம் 10 என்றே இருந்தால் பதினோரு மாதம் ஜூன் 9இல் முடிந்துவிடும். அடுத்த வாடகை உயர்வும் ஒரு வாரம் முன்னாலேயே வந்து நிற்கும். வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேசுங்கள், புரோக்கர் வழியாக வேண்டாம். அவர் இரண்டு பக்கமும் ‘சரி சரி’ என்பார். பேசி முடித்தவுடன் எழுத்தில் இப்படி அனுப்புங்கள்:

“வணக்கம் சார். நாம் பேசியபடி, என் வேலை ஒரு வாரம் தள்ளிப் போனதால் வாடகை ஜூலை 17 முதல் கணக்கிடப்படும். ஜூலைக்கு 15 நாள் வாடகை தருகிறேன். ஒப்பந்தம் ஜூலை 17 முதல் ஜூன் 16 வரை. பால் காய்ச்சுவதற்கு மட்டும் 10ஆம் தேதி காலை சாவி வாங்கி, அன்றே உங்களிடம் திருப்பித் தருகிறோம். சம்மதம் என்றால் ஒரு வரி பதில் அனுப்புங்கள்.”

பால் பற்றிய அந்த வரிதான் எங்களுக்கு இல்லாமல் போனது. எழுதியதோடு விட்டுவிடாமல் சாவியை உண்மையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு பாயைக்கூட உள்ளே வைக்காதீர்கள். நல்ல நாளும் நடந்துவிடும், வீடும் அவர் கையிலேயே இருக்கும்.

கேட்பதற்கு முன் ஒன்று விசாரியுங்கள். வீட்டில் வெள்ளையடித்து முடிந்ததா, குழாய் வேலை பாக்கி இருக்கிறதா? சென்னையில் பத்தாம் தேதி தயார் என்று சொன்ன வீட்டில் பன்னிரண்டாம் தேதியும் பெயின்ட் வாளி நிற்பது சாதாரணம். அப்படியிருந்தால் ஒரு வாரம் தள்ளுவது அவருக்கும் வசதி, தயங்காமல் கேட்கலாம். வீடு தயாராக இருந்து, அவர் மறுத்தால், அந்த வாரத்தில் பாதி நாட்களுக்கு வாடகை தருவதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் முழு வாரத்துக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐயாயிரத்துச் சொச்சத்துக்காக வீட்டை விட்டால், டோக்கனும் போகலாம், அடுத்த புரோக்கர் இன்னொரு 24,000 கேட்பார். பராமரிப்புத் தொகையைப் பற்றி வாதாடவே வேண்டாம். எங்கள் குடியிருப்புச் சங்கம் எந்தத் தேதியில் வந்தாலும் மாதம் முழுவதற்கும்தான் வாங்குகிறது.

ஒப்பந்தம் இன்னும் அச்சாகவில்லை என்றால் புதுத் தேதியோடு தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அச்சாகிக் கையெழுத்தும் ஆகிவிட்டால், பழைய தேதியைக் கோடிட்டு அடித்துப் புதியதை எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். தொடக்கத் தேதி ஒரே இடத்தில் இருக்காது. முதல் பத்தியில் ஒரு முறை, வாடகைப் பிரிவில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை வரும். எல்லா இடத்தையும் தேடி மாற்றுங்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டது என்றால் கிறுக்க வேண்டாம். தேதி மாற்றத்தை மட்டும் சொல்லும் ஒரு பக்கத் துணை ஒப்பந்தம் எழுதி, அதே சாட்சிகளோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் நண்பருடைய தாளில் அந்தத் திருத்தம் ஆகஸ்டில்தான் நடந்தது. தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஆனால் பால் காய்ச்சிய தேதியை மாற்ற முடியாது அப்பா” என்றார்.