சுவரில் இருந்த அமைப்பு வரைபடத்தை எக்செல் பட்டியலாக்குவது எப்படி?

ஒரு நூற்பாலை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த அமைப்பு வரைபடத்தின் போட்டோ கையில் இருக்கிறது. மொத்தம் 9 பெட்டிகள். யார் யாருக்குக் கீழே என்று எக்செல்லில் பட்டியல் போட வேண்டும்.

முதலில் பெட்டிகளுக்கு மட்டும் எண் கொடுங்கள். கோடுகளை இப்போது பார்க்கவே வேண்டாம். ஏதாவது பெட்டி விட்டுப்போனால் அதன் கோடு பிறகு அந்தரத்தில் தொங்கும்.

அடுத்து, கீழிருந்து மேலே படியுங்கள். ஒருவருக்குக் கீழே பத்துப் பேர் இருக்கலாம், ஆனால் நேரடி மேலதிகாரி வழக்கமாக ஒருவர்தான். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் கோட்டின் மேல் விரல் வைத்து ஏறி, போய்ச் சேரும் பெட்டியின் எண்ணை எழுதுங்கள்.

```
எண்,பதவி,மேல் எண்,கோடு,குறிப்பு
1,பொது மேலாளர்,,,
2,பி.ஏ.,1,பக்கக் கோடு,
3,உற்பத்தி மேலாளர்,1,முழுக்கோடு,
7,தர ஆய்வாளர்,3,முழுக்கோடு,1-க்கும் புள்ளிக்கோடு
9,ஸ்டோர் கீப்பர்,?,தெளிவில்லை,4 அல்லது 5
```

(இடையில் உள்ள நான்கு வரிசைகளில் சிக்கல் இல்லை என்பதால் இங்கே விட்டுவிட்டேன்.)

பி.ஏ. பெட்டியில் புதியவர்கள் நிச்சயம் ஏமாறுவார்கள். அது மேலாளர்களுக்கு ஒரு படி மேலே நிற்கும்; மேலாளர்களுக்கு இறங்கும் கோடும் அதை உரசியபடி போகும். உடனே எல்லா மேலாளரையும் பி.ஏ.வுக்குக் கீழே போட்டுவிடுவார்கள்! பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது கணக்கில்லை, கோடு எங்கே தொடுகிறது என்பதுதான் கணக்கு. பி.ஏ. பெட்டியின் அடியிலிருந்து எந்தக் கோடும் கிளம்பவில்லை, பக்கத்தில் மட்டும் ஒன்று தொடுகிறது. ஆகவே அவருக்குக் கீழே யாரும் இல்லை.

தர ஆய்வாளருக்கு இரண்டு கோடுகள். முழுக்கோடு உற்பத்தி மேலாளருக்கு, புள்ளிக்கோடு பொது மேலாளருக்கு. பொதுவாகப் புள்ளிக்கோடு என்றால் தகவல் சொல்ல வேண்டிய இடம், நேரடி மேலதிகாரி அல்ல. அதைக் குறிப்பில் வையுங்கள். வரைபடத்தின் மூலையில் விளக்கம் இருந்தால் அது சொல்வதே சரி.

ஸ்டோர் கீப்பரின் கோடு ஃபிளாஷ் வெளிச்சத்தில் பாதி மறைந்துவிட்டது. பராமரிப்பு மேலாளரிடம் (4) போகிறதா, கணக்கு மேலாளரிடமா (5)? ஊகித்து நிரப்பாதீர்கள், ? போடுங்கள். காலியாகவும் விடாதீர்கள், ஏனென்றால் காலி என்றால் உச்சிப் பதவி என்று அர்த்தம். அப்புறம் இந்தச் சூத்திரம் 1 என்று காட்ட வேண்டும்:

```
=COUNTBLANK(C2:C10)
```

2 வந்தால் இரண்டு தலைகள். எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

? தீர ஒரு வழி, ஃபிளாஷ் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி போட்டோ எடுப்பது. அதற்கும் கோடு தெரியாவிட்டால் ஆலையிலேயே கேளுங்கள். “உங்கள் மேலதிகாரி யார்?” என்றால் மழுப்பலான பதில்தான் வரும். “ஸ்டோர் கீப்பரின் லீவு லெட்டரில் யார் கையெழுத்துப் போடுகிறார்?” என்று கேளுங்கள். வரும் பதிலை ? இருந்த இடத்தில் எழுதி, குறிப்பில் ‘படத்தில் இல்லை, கேட்டது’ என்று தேதியோடு சேர்த்துவிடுங்கள்.