புகைப்படத்தில் கோணிய கடலை நேராக்கும்போது நடக்கும் தவறுகள்

மெரினாவில் விடியற்காலையில் எடுத்த படம். கடல் வலப்பக்கமாகச் சரிந்து, தண்ணீர் கொட்டிவிடும்போலத் தெரிகிறது. திருப்பி நேராக்குவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் எந்தக் கோட்டைப் பிடித்துத் திருப்புகிறோம் என்பதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது.

பலரும் அலை வந்து மோதும் கரைக்கோட்டைப் பிடிப்பார்கள். கலங்கரை விளக்கத்தைப் பார்த்து நின்று எடுத்தால் கரை நம்மிடமிருந்து விலகிக்கொண்டே போகும். அது படத்தில் சாய்வாகத்தான் விழ வேண்டும். அதை மட்டமாக்கினால் கலங்கரை விளக்கம் சாய்ந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியின் எதிர்க்கரையும் அப்படித்தான்: ஒரு முனை நமக்குக் கிட்டே, மறுமுனை தொலைவில் இருந்தால் அது மட்டக்கோடு ஆகாது. நம்பத்தக்கது கடலும் வானமும் சேரும் கோடு மட்டுமே. அது தெரியாவிட்டால் படத்தின் நடுவிலுள்ள ஒரு கம்பத்தையோ சுவரையோ செங்குத்தாகப் பிடிக்கலாம். ஓரத்துக் கட்டடங்கள் வேண்டாம். கேமராவை அண்ணாந்து பிடித்திருந்தால் அவை உள்நோக்கிச் சாயும், அது திருப்பிச் சரியாகிற சாய்வல்ல. அகல லென்ஸில் தொடுவானமே வில்லாக வளைந்திருந்தால், லென்ஸ் திருத்தத்தை முதலில் செய்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். படம் 6000 × 4000 பிக்சல். தொடுவானம் இடது ஓரத்தைவிட வலது ஓரத்தில் 314 பிக்சல் கீழே இருக்கிறது. இந்த அகலத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 105 பிக்சல் இறங்கும். ஆக, சாய்வு 3 டிகிரி. வலது பக்கம் தாழ்ந்திருப்பதால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும். GIMP மென்பொருளின் Rotate கருவியில் அது -3. குறியை மாற்றிப் போட்டால் சாய்வு 6 டிகிரி ஆகிவிடும். கண்ணுக்கே தெரிந்துவிடும் தவறு என்பதால் இதில் பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து அடுத்ததில். 2 டிகிரி திருப்பி, "இன்னும் கொஞ்சம்" என்று 0.7, பிறகு 0.3 என்று திருப்பிக்கொண்டே போவது. ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் படகின் கயிறு, மணல் போன்ற நுண்விவரங்கள் மழுங்கும். Ctrl+Z அழுத்தி மூலப்படத்துக்குத் திரும்பி, மொத்தக் கோணத்தை ஒரே முறையில் கொடுங்கள்.

திருப்பியதும் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக வெற்றிடம் வரும். 3:2 விகிதம் மாறாமல் அதை வெட்டினால் மிஞ்சுவது சுமார் 5570 × 3714. பரப்பில் 14 சதவீதம் போய்விட்டது. 1 டிகிரிக்கு 5 சதவீதம், 5 டிகிரிக்கு 21. நடுவாக வெட்டினால் பக்கத்துக்கு 215 பிக்சல் காணாமல் போகும். ஓரத்திலிருந்து 150 பிக்சலில் நின்ற படகின் மூக்கும் அதோடு போகும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் இறுக்கிப் பிடிப்பது உயரம்தான். அகலத்தில் கொஞ்சம் இடம் மீதி இருக்கிறது. வெட்டும் சட்டத்தைப் படகு இருக்கும் பக்கமாக 120 பிக்சல் வரை, படத்தின் சாய்வை ஒட்டியே நகர்த்தலாம். விகிதத்தையே விட்டுவிட்டால் 5814 × 3701 கிடைக்கும்: உயரம் 13 பிக்சல்தான் குறைகிறது, அகலம் 244 கூடுகிறது. ஆனால் 6 × 4 அங்குலப் பிரிண்ட் போடுவதாக இருந்தால் விகிதத்தைப் பூட்டியே வெட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டூடியோவில் இன்னொரு முறை வெட்டுவார்கள், எந்தப் பக்கம் என்பது அவர்கள் இஷ்டம்.

GIMP-இல் Clipping என்ற இடத்தில் Adjust என்றே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. மூலைகள் அப்படியே நிற்கும். விகிதம் வேண்டுமானால் Crop with aspect, வேண்டாமென்றால் Crop to result. அதன்பின் Image > Fit Canvas to Layers கொடுக்காவிட்டால் சுற்றிலும் வெற்றுச் சட்டம் மிஞ்சும்.

கையால் வெட்டுகிறவர்களுக்கு மூலையில் இரண்டு மூன்று பிக்சல் கீற்று தங்கிவிடுவது சகஜம். JPEG-ஆகச் சேமிக்கும்போது அதில் பின்னணி நிறம், பெரும்பாலும் வெள்ளை, நிரம்பும். வெளுத்த காலை வானத்தில் அது தெரியாது. பிரிண்ட் வந்து கறுப்புச் சட்டத்துக்குள் போன பிறகுதான் பளிச்சென்று தெரியும். சேமிக்கும் முன் அடியில் ஒரு லேயர் சேர்த்து அடர் ரோஸ் நிறம் நிரப்பி, நான்கு மூலைகளையும் 100% அளவில் பாருங்கள். ரோஸ் எட்டிப்பார்த்தால் அந்தப் பக்கம் இன்னும் நாலு பிக்சல் உள்ளே வெட்ட வேண்டும்.