பழைய கம்பெனி மூடிவிட்டதா, இடம் மாறிவிட்டதா? ஒரே வரியில் எழுதுவது எப்படி

வேலை விண்ணப்பப் பாரத்தில் 'சபாப் பெர்ஹெந்தி' என்று ஒரு கட்டம் இருக்கும். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கும் கட்டம். அகலம் கட்டை விரல் அளவுதான். அதில் சிலர் மூன்று வரியை நுணுக்கி எழுதி, ஓரத்தில் வளைத்துத் தொடர்ந்திருப்பார்கள். பாயான் லெப்பாஸில் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அப்படி நிறையப் பார்த்தேன். வேலை போனதில் அவர்கள் தவறு எதுவும் இருக்காது. எழுதிய விதத்தில்தான் சந்தேகம் வரும்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் அண்மையில் இதே கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். பிறையில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஆலையில் ஆறு வருடம் தரச் சோதனை வேலை. ஆலை ஜொகூருக்குப் போய்விட்டது. "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று தாளை நீட்டினாள். எழுதியிருந்தது இது:

"நிர்வாகம் சரியில்லாததால் கம்பெனியை மூடிவிட்டார்கள், எங்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள், ஜொகூருக்கு வரச் சொன்னார்கள், என்னால் போக முடியவில்லை."

இந்த ஒரு வரியைத் திருத்திய வழியையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மூடியது எது?

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். "கம்பெனியை மூடிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாள். ஆனால் கம்பெனி மூடவில்லை. பிறை ஆலையைத்தான் மூடினார்கள். கம்பெனி அதே பெயரில் ஜொகூரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாரத்தைப் படிக்கிறவர் கம்பெனிப் பெயரை இணையத்தில் தட்டினால் இணையதளம் இருக்கும், ஆள் தேவை விளம்பரம்கூட இருக்கும். 'மூடிய கம்பெனி எப்படி ஆள் எடுக்கிறது?' என்று அவர் யோசிப்பார். அவள் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய் மாதிரி தெரியும்.

ஆகவே எது நின்றது என்று துல்லியமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பெனியே கலைக்கப்பட்டதா? ஓர் ஆலை மட்டுமா? ஆலையில் உங்கள் லைன் மட்டுமா? அல்லது வேறொருவர் வாங்கிப் பெயர் மாற்றினாரா? பெயர் மட்டும் மாறியிருந்தால் அது மூடல் இல்லை. அப்போது பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து எழுதினால் போதும். கம்பெனி கலைக்கப்பட்டதா என்று சந்தேகம் இருந்தால், மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் கட்டணம் கட்டி நிறுவனத்தின் நிலையைப் பார்க்கலாம். கேன்டீனில் கேட்டதை நம்பி எழுதாதீர்கள்.

அவள் விஷயத்தில் 'கம்பெனி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பிறை ஆலை' என்று போட்டோம்.

இரண்டாம் படி: மாதம்

இங்கே மூன்று தேதிகள் குழப்பும். அவளுக்குக் கடிதம் கிடைத்தது 2023 ஏப்ரல் கடைசியில். கடைசி வேலை நாள் ஜூன் 30. இயந்திரங்களை லாரியில் ஏற்றியது ஜூலையில். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஆலை மூடியோ இடம் மாறியோ வேலை போனால், ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த காலம் சொல்லியிருந்தாலும், 1955 வேலைச் சட்டப்படி குறைந்தது எட்டு வார முன்னறிவிப்பு உண்டு. அதனால்தான் கடிதத்துக்கும் கடைசி நாளுக்கும் இவ்வளவு இடைவெளி. பலர் கடிதத் தேதியை எழுதிவிடுவார்கள்; ரெசுமேயில் இரண்டு மாதம் காணாமல் போகும்.

எழுத வேண்டியது கடைசி வேலை நாள் விழுந்த மாதம். சரிபார்க்க ஈபிஎஃப் அறிக்கையைப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுவார். அதனால் பணம் ஜூலையில் வந்திருந்தாலும் அது ஜூன் சம்பளத்துடையதுதான். அந்த ஜூலையைப் பார்த்து மாதத்தை மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: வினைச்சொல்லைத் தணியுங்கள்

"மூடிவிட்டார்கள்", "நிறுத்திவிட்டார்கள்." நம் பேச்சில் இந்த 'விட்டார்கள்' சும்மா வருவதில்லை, ஒரு பெருமூச்சோடு வரும். 'மூடினார்கள்' என்றாலும் யாரோ செய்தது என்று விரல் நீளும். 'மூடப்பட்டது', 'மாற்றப்பட்டது' என்றால் செய்தி மட்டும் நிற்கும். பேச்சில் செயற்கையாகத் தெரியும் இந்த 'படு' வினை பாரத்தில் சரியாகப் பொருந்தும். மலாயில் எழுதினாலும் இதே கணக்குதான்: 'டிதுத்துப்' என்றால் மூடப்பட்டது, 'டிபிண்டாக்கான்' என்றால் மாற்றப்பட்டது. யார் செய்தார் என்பது வராது.

'நிர்வாகம் சரியில்லாததால்' என்பதும் போக வேண்டும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவரும் நிர்வாகத்தில் இருப்பவர், அந்தச் சொல்லில்தான் நிற்பார். 'திடீரென்று', 'பாவம்', 'எங்களை எல்லாம்' எல்லாமே இதே வகை.

நான்காம் படி: உங்கள் வேலைக்கு என்ன ஆனது?

ஆலை மாறியதோடு நிறுத்தினால் பாதிச் செய்திதான். அதனால் உங்கள் பதவி முடிந்தது என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். அவளுடைய வரி கடைசியில் இப்படி வந்தது:

"பிறை ஆலை ஜொகூருக்கு மாற்றப்பட்டதால், அங்கிருந்த என் தரச் சோதனைப் பணி 2023 ஜூனில் முடிவடைந்தது."

எந்த ஆலை, என்ன ஆயிற்று, எந்தப் பணி, எப்போது. வேறு எதுவும் இல்லை.

'ஜொகூருக்கு வரச் சொன்னார்களே, அதை மறைக்கலாமா?' என்று கேட்டாள். மறைக்கவில்லை, அந்தக் கட்டம் அதைக் கேட்கவில்லை. நேர்முகத்தில் கேட்டால் சொல்ல ஒரு வரி வைத்துக்கொள்ள வேண்டும்: "மாற்றம் தருவதாகச் சொன்னார்கள், குடும்பம் பட்டர்வொர்த்தில் இருப்பதால் நான் போகவில்லை." அம்மாவின் முழங்கால் வலி வரை போகத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்திருந்தால் 'நானே விலகினேன்' என்று எங்கும் எழுதாதீர்கள். கௌரவமாக இருக்கும் என்று சிலர் அப்படிப் போடுவார்கள். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் தானாக விலகியவருக்குக் கிடையாது. விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான். அங்கே ஆட்குறைப்பு என்றும் வேலைப் பாரத்தில் விலகல் என்றும் இருந்தால் பிறகு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், மூடிய ஆலையின் தொலைபேசி எண்ணைத் தொடர்புக்குக் கொடுக்காதீர்கள், மணி அடித்துக்கொண்டே இருக்கும். பழைய சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு அவருடைய கைப்பேசி எண்ணைப் போடுங்கள். கடிதத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.

கடைசிப் படி: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

எழுதிய வரியை ஒரே மூச்சில் சொல்ல வர வேண்டும். அவள் என் முன்னால் சொல்லிப் பார்த்தபோது வரி நன்றாகவே வந்தது. முடிந்ததும் இரண்டு நொடி அமைதி; உடனே "ஆனா என்னான்னா அண்ணே..." என்று தொடங்கினாள். கையைக் காட்டி நிறுத்தினேன். மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் முற்றுப்புள்ளியோடு நின்றாள்.