அடுத்தவர் பார்சல் உங்கள் வீட்டுக்கு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் பார்சல் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். போன வாரம் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த தம்பி, "கூரியர்காரர் வந்து திருப்பிக் கேட்டார் சார், கொடுத்துட்டேன்" என்றார். எந்த நம்பர் பார்சல், யார் வந்தார் என்று கேட்டேன். தெரியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன்.

பிரிக்கக்கூடாது, வைத்துக்கொள்ளக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சாட்சி இல்லாமல் திருப்பிக் கொடுப்பது

சென்னையில் பல தெருக்களில் புது எண், பழைய எண் என்று இரண்டு உண்டு. எங்கள் கட்டடம் புது எண் 14. அதே தெருவில் பழைய எண் 14 இன்னொரு வீடு. அங்கே போகவேண்டிய செல்போன் பார்சல் என் வீட்டுக்கு வந்தது. மாலையில் ஒரு பையன் வந்து, "மாத்திக் கொடுத்துட்டாங்க சார்" என்றான். கொடுத்தேன். பத்து நாள் கழித்து உரியவர் என் வாசலில் நின்றார். கம்பெனிக் கணக்கில் பார்சல் அன்றைக்கே "டெலிவர்ட்". திரும்பி வந்ததற்குப் பதிவே இல்லை. கொடுத்துவிட்டேன் என்று நான் சொன்னதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் இரண்டு நிமிட வேலை அது.

பார்சல் வந்த உடனே, பார்கோடும் அதன் கீழே இருக்கும் ட்ராக்கிங் நம்பரும் தெளிவாகத் தெரியும்படி லேபிளைப் படம் எடுங்கள். ஒட்டியிருக்கும் டேப் பிரியாமல் இருப்பது தெரிய, பெட்டியின் மற்ற பக்கங்களையும் எடுங்கள். பிறகு நீங்களே கூரியர் கம்பெனிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். எடுக்க வருகிறவர் அந்த எண்ணைச் சொல்லவேண்டும். சொன்னபின், ட்ராக்கிங் நம்பர், தேதி, நேரம், அவர் பெயர், செல் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் அவர் கையில் இருக்கும் கருவியில் உங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

வேலை அதோடு முடியவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாள் அதே நம்பரை கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். "டெலிவர்ட்" என்பது அப்படியே நின்றால் பார்சல் இன்னும் கணக்கில் ஏறவில்லை. புகார் எண்ணோடு மறுபடி கூப்பிடுங்கள்.

கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடுவது

போலி நம்பர்கள் நிறைய. லேபிளில் அல்லது கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருப்பதை மட்டும் கூப்பிடுங்கள்.

ஓடிபி சொல்வது

சொல்லாதீர்கள். பார்சல் உங்கள் பெயரில் இல்லை, அதற்கான ஓடிபி உங்கள் போனுக்கு வர வேலையே இல்லை.

உரியவர் நேரில் வந்து கேட்டால்

அவர் போனில் இருக்கும் ஆர்டர் செய்தியில் அதே ட்ராக்கிங் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.