ழ வரலையா? நாக்கை மேல ஒட்டாதீங்க, அங்கதான் தப்பு நடக்குது

நான் மதுரைக்காரன். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வாளப்பளம்னுதான் சொல்லிட்டிருந்தேன், அதுல ஒரு தப்பு இருக்குன்னே தெரியாது, ஏன்னா வீட்டுல எல்லாருமே அப்படித்தான். அப்புறமா கத்துக்கிட்டு, போன வருஷம் ஆபீஸ்ல ஒரு குண்டூர் பொண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் சிக்கின இடம் ஒண்ணுதான், அதை மட்டும் இங்க விவரமா எழுதறேன்.

ழ எப்படின்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் "நாக்கை மடிச்சு மேல தொட்டு சொல்லு". அப்படியே செஞ்சா வர்றது ள. மடிக்கறது சரி, தொடறதுதான் தப்பு. ள சொல்லும்போது நாக்கு நுனி அண்ணத்துல ஒட்டி நிக்கும், காத்து ரெண்டு பக்கமா வழிஞ்சு போகும். ழ-வுல நுனி பின்னால மடங்கி அந்தரத்துல நிக்கும், ஒட்டாது, காத்து நடுவாலயே போகும். ட, ண, ள எல்லாத்துலயும் "இதோ தொட்டாச்சு"ன்னு நாக்குக்கு ஒரு அடையாளம் கிடைக்குது, ழ-வுக்கு நுனியில அது இல்ல. அதனாலதான் புதுசா கத்துக்கறவங்களுக்கு பிடிபட மாட்டேங்குது. தொல்காப்பியத்துலயே ழ-வை ர-வோட சேர்த்துதான் ஒரே சூத்திரத்துல வச்சிருக்காங்க, "நுனிநா அணரி அண்ணம் வருட"ன்னு, ல ள ரெண்டுக்கும் தனி சூத்திரம். நாமதான் ழ-வை ள-வோட பங்காளின்னு நினைச்சுட்டு அங்க தேடறோம்.

சரி, செஞ்சு பார்க்கலாம்.

முதல்ல ள-வைப் பிடிங்க. "ஆள்"னு சொல்லி கடைசி ள்-லயே நில்லுங்க, ள்ள்ள்னு இழுங்க. நாக்கு அசையாம அப்படியே வச்சுக்கிட்டு சத்தத்தை நிறுத்தி, வாய் வழியா வேகமா மூச்சை உள்ள இழுங்க. ஜில்லுன்னு எங்க படுது? நாக்கோட ஓரத்துல, கன்னத்துப் பக்கம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப தேவைப்படும்.

ரெண்டாவது, "ஆ"வுல இருந்து கிளம்புங்க. ஆஆஆன்னு சத்தம் விடாம இழுத்துக்கிட்டே, நாக்கு நுனியை மட்டும் மெதுவா தூக்கி பின்னால கொண்டு போங்க, எங்கயும் முட்டக்கூடாது. நாக்கோட பின்பக்க ஓரம் ரெண்டும் மேல் கடவாய்ப் பல்லு ஓரமா போய் அண்டிக்கும், அது அண்டட்டும், நாக்குக்கு அதுதான் பிடிமானம். 1999ல ஸ்ரீகாந்த் நாராயணனும் அவரோட வேலை பார்த்தவங்களும், தமிழ் பேசற ஒருத்தர் ர ற ல ள ழ சொல்லும்போது வாயை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்காங்க, அதுலயும் ழ-வுக்கு நுனி ஒட்டாம, ஓரம் அண்டித்தான் இருந்துச்சு. நுனி பின்னால போகப் போக ஆ-வோட சத்தம் கொஞ்சம் இருண்டு, பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி மாறும். அந்த மாறின சத்தம்தான் ழ்.

மூணாவது, அதே மூச்சு சோதனை. ழ்ழ்ழ்னு நின்னு மூச்சை உள்ள இழுங்க. இப்ப ஜில்லுனு நாக்கு நடுவுல படணும். ஓரத்துல பட்டா இன்னும் ள-தான், நுனியை ஒரு நூல் கீழ இறக்குங்க. உஸ்ஸுனு உரசற சத்தம் வந்தா இடைவெளி ரொம்ப குறுகிப் போச்சு. கீபோர்டுல `zh`னு அடிச்சு பழகினவங்க நிறைய பேர் அந்த இசட்டையும் சேர்த்து சொல்லுவாங்க, ழ-வுல உரசலே கிடையாது. நாக்கு மேல ஒரு தட்டு தட்டிட்டு வந்தா அது ர.

குண்டூர் பொண்ணு இந்த மூணாவதுல ரெண்டு நாள் மாட்டிக்கிச்சு. தெலுங்குல ள இருக்கு, ழ இல்ல, அதனால நாக்கு பழகின இடத்துக்கே ஓடி ஒட்டிக்கும். "பழம்"னு ஆரம்பிச்சா பளம்தான். வார்த்தையை விட்டுட்டு வெறும் ஆ-ழ்-ஆ-ழ்-ஆன்னு ஊஞ்சல் மாதிரி ஆட வச்சேன், ஆ எங்கயும் அறுபடக்கூடாதுங்கறது மட்டும்தான் கண்டிஷன். அப்படி ஆடிக்கிட்டே இருக்கும்போது தானா வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் வார்த்தை.

நாலாவது, வார்த்தையோட வரிசை முக்கியம். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழுந்த கதையை முதல் நாளே எடுக்காதீங்க, நாக்கு சுளுக்கிக்கும். வாழ், தாழ், கூழ்னு கடைசியில ழ் வர்றதுல ஆரம்பிங்க, நிறுத்தி நிதானமா பார்க்கலாம். அடுத்து பழம், மழை, தழை. அதுக்கப்புறம்தான் வழி, கிழி, விழி. இ சொல்லும்போது நாக்கு முன்னால தள்ளும், ழ பின்னால இழுக்கும், ரெண்டுக்கும் நடுவுல இழுபறி. இந்த இழுபறியைப் பேச்சுத்தமிழ் தன் வழியில சமாளிச்சிருக்கு: பிழைப்பு பொழப்பு ஆச்சு. நாக்குக்கு வசதியா முன்னால இருக்கற இ-யை மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான். ஒரு நல்ல விஷயம், ழ எந்த வார்த்தைக்கும் முதல்ல வராது, இரட்டிக்கவும் செய்யாது. அதனால பயிற்சி இதோட முடிஞ்சது.

இன்னும் முடியாம இருக்கறது காதுக்கான பயிற்சிதான். நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு கத்துக்கிட்ட ழ-வை ஊர்ல எல்லாரும் சொல்றாங்களான்னா, இல்ல. எங்க பக்கம், மதுரை திருநெல்வேலியில, ள ஆகிடும், யாழ்ப்பாணத்துலயும் பெரும்பாலும் அப்படித்தான். மழையும் மளைதான், வழியும் வளிதான், எது என்னன்னு பேச்சை வச்சு புரிஞ்சுக்குவோம். சென்னைப் பேச்சுல அது ய: பயம், கெயவி, கொயந்த. சில இடத்துல ஸ்-கூட ஆகும், இழுத்துக்கிட்டு அங்க இஸ்துகினு. நுனியை மடிக்காம விட்டா நாக்கு போய் நிக்கற இடம் ய-வுக்குப் பக்கம்தான், சின்னக் குழந்தைங்க வாயப்பயம்னு சொல்றதைப் பார்த்திருப்பீங்களே. இன்னொரு மெய்யெழுத்துக்கு முன்னால வந்தா பல சமயம் காணாமலே போகும், தாழ்ப்பாளை தாப்பான்னுதான் சொல்றோம். எழுந்திரு? எந்திரி. ழ சுத்தமா சொல்றேன்னு பெருமைப்படறவர்கூட காலையில பிள்ளையை எந்திரின்னுதான் எழுப்புவாரு.

இதுக்காக தமிழ் கெட்டுப்போச்சுன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பக்கத்து பாஷைங்கள்ல எல்லாம் இது எப்பவோ நடந்து முடிஞ்சது. நம்ம கோழி கன்னடத்துல கோளி, தெலுங்குல கோடி, மலையாளத்துல மட்டும் இன்னும் கோழி. ஏழு கன்னடத்துல ஏளு, தெலுங்குல ஏடு. இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு ஒரு நோட்டுல லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுச்சு, தெலுங்கு ட இருக்கற இடத்துல தமிழ்ல ழ வருமான்னு. எல்லா ட-வுக்கும் வராது, ஆனா சோழனுக்கு தெலுங்குல சோடன்னு இருக்கறதைப் பார்த்துட்டு ரொம்ப சந்தோஷம் அதுக்கு.

பழகி மூணு வாரம் கழிச்சு, சென்னையில ஒரு தள்ளுவண்டிக்காரர்கிட்ட போய் அசல் ழ-வோட "அண்ணே, வாழைப்பழம் ஒரு டஜன்"னு கேட்டுச்சு. அவர் சீப்பைத் தூக்கிக் காட்டி கேட்டாரு, "வாயப்பயமாம்மா? மஞ்சளா, பச்சையா?"