மூலை இருட்டு: வெட்டுவதா, வெளிச்சமேற்றுவதா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை எடுத்த படம் ஒன்றைத் தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். ஏலம் நடக்கிறது. நடுவில் வஞ்சிரக் குவியல், இடது ஓரத்தில் கூடையைத் தலைக்கு ஏற்றும் ஒரு பெண், பின்னால் வரிசையாக விசைப்படகுகள். நல்ல படம். ஆனால் நான்கு மூலைகளிலும் கறுப்பு. "கிராப் செய்துவிட்டேன் அண்ணா, இப்போது சரியாக இருக்கிறது" என்று அடுத்த படத்தைக் காட்டினார். கறுப்பு போயிருந்தது. கூடை ஏற்றும் பெண்ணின் முழங்கையும் போயிருந்தது.

அதே வாரம் ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பையும் அவர் எடுத்திருந்தார். 1856இல் திறக்கப்பட்ட நிலையம் அது. தூண்களின் வரிசைதான் அந்தப் படத்தின் உயிர். அதிலும் மூலைகள் மங்கலாக இருக்க, அதையும் வெட்டியிருந்தார். இரண்டு படங்களிலும் நோய் வேறு, இரண்டுக்கும் அவர் கொடுத்த மருந்து ஒன்று. முதல் தவறு இதுதான்.

மூலை இருளுவதற்கு இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, லென்ஸின் இயல்பு. அபர்ச்சரை முழுதாகத் திறக்கும்போது, சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் குழலே தடுத்துவிடுகிறது. அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக வெளிச்சம் மெல்லக் குறைகிறது. அங்கே படம் இருக்கிறது, மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, ஏதோ ஒரு பொருள் குறுக்கே வந்து மறைப்பது. ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய ஃபில்டர், சரியாகத் திருகாத ஹூட் போன்றவை. இங்கே மூலையில் ஒளி விழவே இல்லை. காசிமேட்டுப் படத்தில் 24 மி.மீ. லென்ஸின் முன் தம்பி யுவி ஃபில்டரையும் அதன்மேல் போலரைசரையும் மாட்டியிருந்தார். அந்த இரண்டு வளையங்களின் விளிம்புதான் மூலைகளில் தெரிந்தது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வெள்ளைச் சுவர் போதும். லென்ஸை f/1.8 போல முழுதாகத் திறந்து ஒரு படம், f/8 வைத்து ஒரு படம். f/8இல் மூலைகள் பெருமளவு தெளிந்தால் அது லென்ஸின் இயல்பு. தெளியாமல் கறுப்பின் விளிம்பு முன்னைவிடக் கூர்மையாகத் தெரிந்தால் ஏதோ ஒன்று மறைக்கிறது. இந்தக் கூர்மையைக் கவனியுங்கள். முழுதாகத் திறந்த அபர்ச்சரில் ஃபில்டர் வளையத்தின் நிழல்கூடக் குழைந்து, இயல்பான மங்கலைப் போலவே தோன்றும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நான்கு மூலையில் இரண்டில் மட்டும் இருட்டு என்றால் முதலில் ஹூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

இனி வெட்டுவதன் விலையைக் கணக்கிடுவோம். தம்பியின் கேமரா 6000×4000 பிக்சல், மொத்தம் 240 லட்சம். படத்தின் மையத்திலிருந்து மூலை வரை ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் 90 விழுக்காடு வரை படம் சுத்தமாக இருக்கிறது. கடைசிப் பத்து விழுக்காட்டில்தான் கறுப்பு. ஒவ்வொரு மூலையிலும் அது அகலத்தில் சுமார் 445 பிக்சல், உயரத்தில் சுமார் 760 பிக்சல் உள்ள சிறு முக்கோணம் போலத் தெரிகிறது. நான்கையும் கூட்டினால் படத்தின் பரப்பில் இரண்டரை விழுக்காடு, அதாவது சுமார் 6 லட்சம் பிக்சல்.

இதைப் போக்க அதே 3:2 விகிதத்தில் கிராப் செய்தால் 5400×3600 மிஞ்சுகிறது. அது 194 லட்சம் பிக்சல். கெட்டது 6 லட்சம், இழந்தது 46 லட்சம். கறுப்பு மூலையில் மட்டும் இருக்க, வெட்டு நான்கு ஓரங்களிலும் முழு நீளத்துக்கு விழுவதால்தான் இந்த வித்தியாசம். அகலம் பத்தில் ஒன்றும் உயரம் பத்தில் ஒன்றும் போனால் பரப்பில் போவது 19 விழுக்காடு. 24 மி.மீ. லென்ஸும் கிட்டத்தட்ட 27 மி.மீ. லென்ஸாகிவிடுகிறது. கூடையேற்றும் பெண்ணின் உயர்த்திய முழங்கை மேல் ஓரத்தை ஒட்டி இருந்ததால் அதற்குத்தான் முதல் அடி.

இங்கே பெரும்பாலோர் யோசிக்காத வழி ஒன்று உண்டு. உயரத்தைத் தொடாமல் இரு பக்கமும் 445 பிக்சல் மட்டும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய 5110×4000 மிஞ்சும். இழப்பு 15 விழுக்காடு. மாறாக, அகலத்தைக் காப்பாற்ற நினைத்து மேலும் கீழும் மட்டும் வெட்டினால், இரு புறமும் 760 பிக்சல் போய் 38 விழுக்காடு காலி. கறுப்பு முக்கோணம் அகலத்தைவிட உயரத்தில் நீண்டிருப்பதே காரணம். எந்தப் பக்கம் வெட்டுவது மலிவு என்பதைக் கண்ணால் முடிவுசெய்யாதீர்கள். முக்கோணத்தின் இரு பக்கங்களையும் அளந்து பாருங்கள்.

சரி, வெட்டாமல் அந்தக் கறுப்புக்கு வெளிச்சம் ஏற்றினால் என்ன? தம்பியும் அதை முயன்றிருக்கிறார். ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளியதில் கறுப்பு இருந்த இடத்தில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுகள் வந்தன. வெளிச்சம் ஏற்றுவது என்பது பதிவானதைப் பெருக்குவது. ஒளியே விழாத இடத்தில் பெருக்கிக் கிடைப்பது சென்சாரின் சொந்த இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான பொரிவு, மட்டும்தான். ஃபில்டர் மறைத்த மூலைக்கு வெட்டுதான் வழி. மூலையில் வெறும் வானம் இருந்தால் பக்கத்து வானத்தைக் கொண்டு நிரப்பலாம். ஆனால் செய்திக்கோ ஆவணத்துக்கோ போகும் படத்தில் அதைச் செய்யவே கூடாது.

ராயபுரம் படத்தின் கதை வேறு. வெறும் லென்ஸ், f/1.8, ஐஎஸ்ஓ 400. மூலையின் உச்சியில் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறைந்திருந்தது, அதாவது நடுவில் விழுந்ததில் நான்கில் ஒரு பங்கு. தம்பி 4800×3200க்கு வெட்டியிருந்தார். 36 விழுக்காடு படம் போயிற்று, இரு கோடியிலும் இருந்த தூண்கள் போயின. இத்தனை கொடுத்தும் இருட்டு முழுதாகப் போகவில்லை. இந்த வகை மங்கலுக்கு விளிம்பு கிடையாது. எங்கே வெட்டினாலும் புதிய மூலை நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும்.

வெளிச்சமேற்றினால் ஒரு பிக்சல்கூடப் போகாது. விலை வேறு இடத்தில் இருக்கிறது. மூலையை நான்கு மடங்கு பெருக்கும்போது அங்கிருக்கும் இரைச்சலும் நான்கு மடங்காகித் தெரியும். எளிய கணக்கு இது: எத்தனை ஸ்டாப் ஏற்றுகிறீர்களோ அத்தனை முறை ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்குங்கள். ஐஎஸ்ஓ 400இல் எடுத்த படத்தின் மூலை, இரண்டு ஸ்டாப் ஏற்றியபின் ஐஎஸ்ஓ 1600 படத்தின் மூலையைப் போல இருக்கும். அதுவும் உச்சியில் மட்டும். நடுவை நோக்கி வர வர அந்த விலை குறைந்துகொண்டே போய் இல்லாமலாகிவிடும். ராயபுரத்துச் சுவரில் அந்த இரைச்சல் 12×8 அங்குலப் பிரதியில் எனக்குத் தெரியவில்லை. தூண்கள் எல்லாம் திரும்பி வந்தன.

இதையே ஐஎஸ்ஓ 6400இல், மின்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குச் செய்தால் மூலை ஐஎஸ்ஓ 25600 போலப் பொரிந்துவிடும். அப்போது முழுத் திருத்தம் வேண்டாம். Lightroomஇல் Lens Corrections பகுதியில் லென்ஸ் ப்ரொஃபைலைப் போட்டபின் Vignetting ஸ்லைடர் 100இல் நிற்கும். அதை 50க்கு இறக்கினாலே போதும். கொஞ்சம் மங்கலான மூலையைக் கண் பொருட்படுத்துவதில்லை. புள்ளி புள்ளியாகப் பொரிந்த மூலையை உடனே கண்டுகொள்கிறது.

வெளிச்சமேற்றுபவர்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது வரிசையை மாற்றுவதுதான். செல்போனில் கிராப் செய்த ஜேபெக் கோப்பைக் கொண்டுவந்து மூலையைத் திருத்தச் சொல்வார்கள். திருத்தும் மென்பொருள் படத்தின் நடுவையே லென்ஸின் நடுவாக எடுத்துக்கொள்ளும். இடப்பக்கம் மட்டும் வெட்டிய படத்தில் நடு நகர்ந்துவிட்டது. விளைவு, இடது மூலைகள் தேவைக்கு மேல் வெளுத்து, வலது மூலைகள் இருண்டே நிற்கும். ஜேபெக்கில் இருட்டுப் பகுதியின் நிறப்படிகளும் குறைவு. பெருக்கினால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ஆகவே முழு ரா கோப்பில் முதலில் திருத்துங்கள், கடைசியில் வெட்டுங்கள். பீப்பாய் போல உப்பித் தெரியும் படத்தின் வளைவைத் திருத்தும்போதே மூலைகள் வெளியே தள்ளப்பட்டு, ஃபில்டரின் கறுப்பில் ஒரு பகுதி தானாகவே சட்டத்தைத் தாண்டிப் போய்விடுவதும் உண்டு. முன்பே வெட்டியவருக்கு அந்த லாபம் கிடைக்காது.

Lightroomஇல் Effects பகுதியில் Post-Crop Vignetting என்று இன்னொரு ஸ்லைடர் இருக்கிறது. அது அலங்காரத்துக்கானது. வெட்டிய சட்டத்தின் அளவுக்கு ஏற்ப வேலை செய்யும், லென்ஸைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. திருத்தத்துக்கு அதைத் தொடாதீர்கள். மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸ்களில் எந்த அபர்ச்சரில் எடுத்தோம் என்பதே கோப்பில் பதிவாகாது. இருட்டின் அளவு அபர்ச்சருக்கு அபர்ச்சர் மாறுவதால் ப்ரொஃபைலை நம்ப முடியாது. அங்கே வெள்ளைச் சுவர்ப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியது அதிகமா என்று பார்க்கப் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்குங்கள். மூலைகள் நடுவைவிட வெளுத்திருந்தால் அந்த அளவில் பளிச்சென்று தெரியும்.

காசிமேட்டுப் படத்துக்குத் திரும்பினோம். வளைவைத் திருத்தியும் கறுப்பு மிச்சமிருந்தது. தம்பிக்கு வேண்டியது 10×8 அங்குலப் பிரதி, அதன் விகிதம் 5:4. உயரம் 4000ஐத் தொடாமல் அகலத்தை 5000 ஆக்கினால் கறுப்பு மொத்தமும் வெளியே போய் 200 லட்சம் பிக்சல் மிஞ்சியது. முன்பு அவர் வெட்டியதைவிட 6 லட்சம் அதிகம். எடுத்துவிட வேண்டிய 1000 பிக்சலில் இடப்பக்கம் 450 மட்டும் எடுத்தோம், மீதி 550ஐ வலப்பக்கத்து வெற்றுத் தரையில் எடுத்தோம். உயரத்தைத் தொடாததால் முழங்கை தப்பியது, கூடையும் தப்பியது. யுவி ஃபில்டரைக் கழற்றித் தம்பி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.