கட்டிலருகே மானிட்டர்: எந்த எண்ணை நம்பலாம், எப்போது சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்

ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு பையன் நர்ஸிங் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தான். "சிஸ்டர், அப்பாவுக்கு ஆக்சிஜன் 79 காட்டுது, சீக்கிரம் வாங்க!" போய்ப் பார்த்தால் அப்பா சீராக மூச்சு விட்டபடி தூங்குகிறார். விரல் க்ளிப் பாதி கழன்று நக நுனியில் தொங்குகிறது. சரியாக மாட்டிவிட்டு அரை நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம். 95 வந்தது.

ஐ.சி.யூ.விலும் அதற்கு அடுத்த வார்டிலும் பல வருடம் நைட் ட்யூட்டி பார்த்தவள் நான். மானிட்டர் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஓடுகிற கோட்டைப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவில் அதைத்தான் சொல்லித் தரப் போகிறேன். பெரியவர்களுக்கான கணக்கு இது. குழந்தைகளுக்கு எண்கள் வேறு.

படி 1: எந்த எண் எங்கிருந்து வருகிறது

திரையில் HR என்று இருப்பது இதயத் துடிப்பு. நெஞ்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒயர்களிலிருந்து வருவது, பெரும்பாலும் பச்சை நிறம். SpO2 என்பது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது. இது விரல் க்ளிப்பிலிருந்து வருகிறது. அதே க்ளிப் நாடியையும் எண்ணி PR என்று சின்னதாகக் காட்டும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

க்ளிப் வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஒரு பக்கம் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் ஒளியைப் பார்த்து இயந்திரம் கணக்குப் போடுகிறது. இந்த வழியை 1970களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. ஒளி ஒழுங்காகப் போகவில்லையென்றால் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

படி 2: எண்ணுக்கு முன்னால் அலையைப் பாருங்கள்

SpO2 எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அலை ஓடும். நல்ல அலை என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே மாதிரி ஒரு மேடு வரும். கோடு தட்டையாகப் படுத்திருந்தாலோ கன்னாபின்னாவென்று கிறுக்கினாலோ, அந்த நேரத்து எண்ணை உடனே நம்ப வேண்டாம்.

அடுத்து HR, PR இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பையனின் அப்பாவுக்கு HR 88, PR 141. ஒரே மனிதருக்கு இரண்டு துடிப்பு எப்படி வரும்? க்ளிப்தான் குழம்பியிருந்தது. ஆனால் க்ளிப் சரியாக இருந்து, அலையும் நன்றாக இருந்து, HR-ஐவிட PR தொடர்ந்து குறைவாகவே இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது சில துடிப்புகள் விரல் வரை வந்து சேராது.

அலை கெட்டிருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். விரல் க்ளிப்புக்குள் முழுசாகப் போயிருக்கிறதா, சிவப்பு விளக்கு நகத்தின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பி.பி. பட்டையும் க்ளிப்பும் ஒரே கையில் இருந்தால், பட்டை காற்று ஏறி இறுக்கும் நேரத்தில் ஆக்சிஜன் எண் விழும், அல்லது கோடு கோடாக வரும். பட்டை தளர்ந்ததும் தானாகத் திரும்பிவிடும்.

படி 3: எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள்

ஓய்வில் இருக்கும் பெரியவருக்குத் துடிப்பு 60 முதல் 100, ஆக்சிஜன் 95 அல்லது அதற்கு மேல் என்பது பொதுக் கணக்கு. ஆனால் காய்ச்சலிலும் வலியிலும் துடிப்பு 110 போகும். பி.பி.க்கோ இதயத்துக்கோ சில மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்குத் தூக்கத்தில் 52 கூட வரலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு டாக்டர் வேண்டுமென்றே 88–92 என்று இலக்கு வைப்பார். அவர்களுக்கு ஆக்சிஜனை அதிகம் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கமாகிவிடலாம். 'எண் குறையுதே' என்று குழாயைத் திருகிவிட்ட மகன்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். காலையில் ரவுண்ட்ஸ் வரும்போதே "இவருக்கு ஆக்சிஜன் எவ்வளவு இருந்தால் போதும் டாக்டர்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் ஆக்சிஜன் மீட்டர் இருக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு மிதக்கும். குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. நேற்று 2 லிட்டரில் 95, இன்று 8 லிட்டரில் 95 என்றால், எண் மாறவில்லை, ஆனால் ஆள் மோசமாகியிருக்கிறார். என்னைக் கேட்டால், 95 என்ற எண்ணைவிட இந்தக் குண்டைக் கவனிப்பது முக்கியம்.

படி 4: சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக் டிக்' என்று வருவது அலாரம் இல்லை. ஆக்சிஜன் குறையும்போது பல மானிட்டர்களில் இந்த ஒலியின் சுதி இறங்கும். நாங்கள் திரும்பிப் பார்க்காமலே எழுந்து வருவது அதைக் கேட்டுத்தான்.

அலாரம் மூன்று வகை. மிக அவசரமானதில் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும். பல இயந்திரங்களில் மூன்று, இரண்டு என்று ஐந்து ஒலி வந்து, மறுபடியும் ஐந்து வரும். நடுத்தரமானதில் மஞ்சள் விளக்கு, மூன்று ஒலி. மூன்றாவது வகையில் ஒன்றிரண்டு ஒலியோடு திரையில் ஒரு வரி மட்டும் வரும். SENSOR OFF, LEADS OFF போன்ற வரி வந்தால் க்ளிப்போ ஸ்டிக்கரோ கழன்றிருக்கிறது என்று அர்த்தம். நோயாளி பல் தேய்த்தால்கூட நெஞ்சு ஒயர் ஆடி, இதயம் தறிகெட்டு ஓடுவதாக இயந்திரம் சிவப்பில் கத்தும். மருந்து ஏற்றும் சிரிஞ்சு பம்பும் கிட்டத்தட்ட இதே மாதிரி கத்தும், அதனால் எந்த இயந்திரம் என்று முதலில் பாருங்கள். அலாரத்தை நிறுத்தும் பட்டனை மட்டும் நீங்கள் அழுத்தாதீர்கள். அழுத்தினால் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எங்களுக்கும் கேட்காது.

நிஜமான இறக்கம் எப்படி இருக்கும்

அதே வாரத்தில் நிமோனியாவோடு ஒரு பாட்டி இருந்தார். பேத்தி ஓடி வரவில்லை, நடந்து வந்து சொன்னாள்: "சிஸ்டர், பாட்டிக்கு 94 இருந்தது, பத்து நிமிஷத்துல 91, இப்ப 88. அலை நல்லாத்தான் ஓடுது. HR, PR ரெண்டும் 112. மூச்சு வாங்குறாங்க." எண் படிப்படியாக இறங்கியது, அலை சுத்தம், இரண்டு துடிப்பும் ஒன்று, ஆளும் சிரமப்படுகிறார். மாஸ்க் நெற்றிக்கு ஏறியிருந்தது. சரிசெய்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, டாக்டரை வரவழைத்தோம். க்ளிப் கழன்றால் எண் பெரும்பாலும் சட்டென்று விழும், அல்லது காணாமல் போகும். இப்படி இறங்கிக்கொண்டே வராது.

ஆனால் உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, கூப்பிட்டும் கண் திறக்கவில்லை என்றாலோ, திரையில் 98 இருந்தாலும் சரி, அலையையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். ஓடி வருவது எங்கள் வேலை.